இரண்டு நாள், பன்னிரண்டு பேர், 18,000 ரூபாய்: கல்லூரிக் குறும்படத்துக்குப் பட்ஜெட் போடுவதும் ஆள் பிரிப்பதும்

கடலூரில் படித்தபோது எடுத்த முதல் குறும்படத்தில் இயக்கமும் நான்தான், பணப்பையும் என்னிடம்தான். இரண்டாம் நாள் மதியம், நடிகர் அழ வேண்டிய காட்சிக்குத் தயாராகி உட்கார்ந்திருக்கிறார். நான் வாசலில் நின்று, வராத சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகப் போனில் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது ஜன்னல் வெளிச்சம் சுவரை விட்டு நகர்ந்திருந்தது, நடிகரும் அந்த மனநிலையை விட்டு வெளியே வந்திருந்தார். அந்தக் காட்சி கடைசி வரை சரியாக அமையவில்லை.

அதற்குப் பிறகு ஜூனியர்கள் எடுத்த படங்களில் தயாரிப்பு வேலைக்குக் கூட நின்றிருக்கிறேன். வார இறுதிப் படங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. இயக்கவும் கேமரா பிடிக்கவும் நான்கு பேர் போட்டி போடுவார்கள். பணத்தைப் பார்க்கவும் கடிகாரத்தைப் பார்க்கவும் ஒருவரும் வர மாட்டார்கள். அந்த இரண்டு பேரை முதலில் பிடித்துவிட்டு மற்றதைக் கட்டும் வரிசைதான் கீழே இருப்பது.

உதாரணமாக ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன். எட்டுப் பக்கக் கதை. சென்னைக்கு வேலைக்குக் கிளம்பும் மகன், படகுத் தொழிலை விட்ட அப்பா, இருவருக்கும் தெரிந்த ஒரு டீக்கடைக்காரர். சில்வர் பீச், ஒரு டீக்கடை, மஞ்சக்குப்பத்தில் ஒரு வீடு என மூன்றே இடங்கள்.

## 1. முதலில் ஷாட்டை எண்ணுங்கள்

பட்ஜெட் என்றதும் எல்லாரும் கேமரா வாடகை விசாரிக்கப் போவார்கள். அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய வேலை. எத்தனை ஷாட், எத்தனை இடம் என்று தெரியாமல் எத்தனை நாள் வாடகை, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை முறை வண்டி என்று எதையும் சொல்ல முடியாது.

மாணவர் குழு ஒன்று கேமராவை இடம் மாற்றி, லைட் திருத்தி, ஒத்திகை பார்த்து, மூன்று நான்கு டேக் எடுக்க ஒரு ஷாட்டுக்கு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் மாலை வரை பத்து மணி நேரம் இருந்தாலும் சாப்பாடு, இடம் மாறுவது எல்லாம் போக ஏழரை மணி நேரம்தான் தேறும். ஆக ஒரு நாளைக்குப் பதினைந்து ஷாட். இரண்டு நாளைக்கு முப்பது.

எங்கள் உதாரணப் படத்தில் முதலில் எழுதி வந்த பட்டியலில் 46 ஷாட் இருந்தது. அதை 28 ஆக்கினோம்: கடற்கரை 7, டீக்கடை 6, வீடு 15. குறைத்ததில் பெரும்பாலானவை, ஒரே வசனத்தை மூன்று கோணத்தில் எடுப்பதாகப் போட்டிருந்தவை. இந்த வெட்டை எழுதும் மேஜையில் செய்யாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அவசரத்தில் செய்ய வேண்டி வரும். அப்போது தேவையில்லாத ஷாட்டும் போகும், கதையைத் தாங்கும் ஷாட்டும் கூடவே போகும்.

படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்பு இந்தப் பட்டியலை முடித்துவிடுங்கள். அதற்கு மேல் கதையில் புது இடமோ புது ஆளோ சேர்க்கக் கூடாது.

## 2. ஆள் பிரிப்பது

படக்குழு ஒன்பது பேர், நடிகர்கள் மூன்று பேர், ஆகப் பன்னிரண்டு. இதற்கு மேல் ஒருவரைச் சேர்த்தாலும் இரண்டு நாள் சாப்பாடும் ஒரு பைக்கும் கூடும். "சும்மா வேடிக்கை பார்க்க வர்றேன்டா" என்கிற நண்பரும் அந்தக் கணக்கில்தான் வருவார்.

பிரிக்கும் வரிசை முக்கியம். இயக்குநர் முடிவானதும் அடுத்து தயாரிப்பு மேலாளர், அதற்கடுத்து முதல் உதவி இயக்குநர். கேமராமேன் நான்காவதுதான்.

தயாரிப்பு மேலாளர். பணம், சாப்பாடு, வண்டி, இடம், அனுமதி எல்லாம் இவர் பொறுப்பு. படம் எடுக்கும்போது இவர் பெரும்பாலும் ஸ்பாட்டிலேயே இருக்க மாட்டார், அடுத்த இடத்தில் இருப்பார். அதனால் இந்த வேலையை நடிகரிடமோ கேமரா உதவியாளரிடமோ கூடுதலாகக் கட்டக் கூடாது. கல்லூரி விழாக்களில் சாப்பாட்டுக் கமிட்டியை ஒழுங்காக நடத்தியவர் யாரென்று பாருங்கள். சினிமா ஆர்வத்தை விட அந்த அனுபவம் இங்கே கை கொடுக்கும்.

முதல் உதவி இயக்குநர். கையில் ஷாட் பட்டியலும் கடிகாரமும் இருக்கும். "இந்த ஷாட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம், அப்புறம் அடுத்தது" என்று சொல்வது இவர்தான். இயக்குநருடைய நெருங்கிய நண்பரை இதில் போட வேண்டாம். இயக்குநர் ஆறாவது டேக் கேட்கும்போது, நேரத்தைக் காட்டி முடிவெடுக்க வைக்கும் தைரியம் வேண்டும். நண்பருக்கு அது வராது. ஸ்பாட்டில் அமைதி கேட்பதும் நடிகர்களை அழைப்பதும் இவர் குரலாகவே இருக்கட்டும். இரண்டு பேர் கத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கேமராமேன், கேமரா உதவியாளர், லைட் பார்ப்பவர் என்று மூன்று பேர். உதவியாளர் போகஸ், பேட்டரி, லென்ஸ், கிளாப் பார்ப்பார். லைட் பார்ப்பவர் தர்மாகோல் பிடிப்பார், ஜன்னலுக்குத் துணி கட்டுவார். கேமராமேனே லைட்டையும் நகர்த்திக்கொள்வார் என்று விட்டால், ஷாட்டுக்கு அரை மணி என்பது ஐம்பது நிமிடமாகிவிடும்.

சவுண்ட். ரெக்கார்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டு பூம் பிடிக்க ஒருவர் போதும். ஆனால் அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். ஹெட்போன் காதில் இருக்கிற ஒரே ஆள் அவர்தான். பக்கத்துத் தெருவில் மிக்ஸி ஓடுவதை அவர் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

எடிட்டர். இவர் படப்பிடிப்புக்கு வரத் தேவையில்லை என்று நினைப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. எடிட்டரைக் கன்டின்யூட்டிக்கு உட்கார வையுங்கள். எந்த டேக் நன்றாக வந்தது, டம்ளர் எந்தக் கையில் இருந்தது, சட்டைப் பொத்தான் எத்தனை போட்டிருந்தது எல்லாம் ஒரு நோட்டில் எழுதுவார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைப்பார். மெமரி கார்டை லேப்டாப்பில் இறக்குவதும் இவரே. வெட்டி ஒட்டப் போகிறவரே எழுதுவதால், எது இல்லாவிட்டால் பின்னால் சிக்கல் வரும் என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

கலை, உடை, ஒப்பனை மூன்றையும் ஒருவர் பார்க்கலாம். சின்னப் படத்தில் இது தாங்கும். மெல்லிய கோடு போட்ட சட்டைகளை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், கேமராவில் அலை அலையாக ஆடும்.

இயக்குநரையும் சேர்த்து ஒன்பது ஆகிவிட்டது. ஆள் குறைந்தால் எதைச் சேர்க்கலாம்? லைட்டையும் கேமரா உதவியையும் ஒருவரே பார்க்கலாம், வேகம் குறையும், அவ்வளவுதான். இயக்குநரும் முதல் உதவியும் ஒரே ஆளாகவோ, சவுண்டும் வேறு எதுவுமோ சேரவே கூடாது.

## 3. இடத்தைப் படம் எடுக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

சாயங்காலம் கல்லூரி விட்டு வரும்போது கடற்கரையைப் பார்த்துவிட்டு, விடியலில் எடுக்கத் திட்டம் போடுவார்கள். நேரம் மாறினால் இடமே மாறிவிடும். சில்வர் பீச்சில் ஞாயிறு மாலை நிற்க இடம் இருக்காது, விடியலில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் மட்டும் இருப்பார்கள். காற்றும் அப்போது அடங்கியிருக்கும். முற்பகலுக்கு மேல் கடல் காற்று ஏறிவிட்டால் மைக்கில் அதுதான் கேட்கும்.

சூரியன் எழும் நேரம் மாதத்துக்கு மாதம் தள்ளிப் போகும். மே மாதக் கடைசியில் ஐந்தே முக்காலுக்கு முன்பே வந்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறரை ஆகிவிடும். நீங்கள் போகும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்புறம் உள்ள கதையே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை கடலூரை எப்படிப் புரட்டும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

டீக்கடையைக் காலை ஏழு மணிக்குக் கேட்டோம். மாஸ்டர் சொன்னார்: "தம்பி, பதினோரு மணிக்கு மேல வாங்க. காலையில வந்தா எனக்கும் யாவாரம் கெடும், உங்களுக்கும் படம் கெடும்." அவர் சொன்னபடி பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை எடுத்தோம். அந்த நேரத்தில் தெருவிலும் ஆரவாரம் குறைவு.

வீட்டைப் பார்க்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசாமல் கேளுங்கள். பக்கத்தில் வெல்டிங் பட்டறையோ பேருந்து நிறுத்தமோ இருந்தால் அப்போது தெரிந்துவிடும். எந்தச் சுவிட்ச் பெட்டி வேலை செய்கிறது, ஜன்னல் எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை சனிக்கிழமையிலும் வரலாம், நாளிதழில் முன்கூட்டியே அறிவிப்பு வரும். அதைத் தயாரிப்பு மேலாளர் பார்த்து வைக்க வேண்டும்.

## 4. அனுமதி

கல்லூரித் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம் நான்கு பிரதி தயார் செய்யுங்கள். நாள், நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை, ஆயுதமோ வெடியோ இல்லை என்ற வரி, பொறுப்பாளர் போன் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். கடற்கரைக்கு மாநகராட்சியிலும் அந்தப் பகுதிக் காவல் நிலையத்திலும் பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். முந்தின நாள் போய் நின்றால், கையெழுத்துப் போட வேண்டியவர் இருக்க மாட்டார்.

புதுச்சேரியில் எடுப்பதானால் அது தனி யூனியன் பிரதேசம், கடலூரில் வாங்கிய கடிதம் அங்கே செல்லாது. புதிதாகக் கேட்க வேண்டும், கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அங்கே கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விட மாட்டார்கள். விடியலில் எடுத்தால் சாமானைக் கையில்தான் தூக்கிப் போக வேண்டும். அதையும் நேரக் கணக்கில் சேருங்கள்.

ரயில் நிலையத்தில் கேட்காமல் எடுத்துவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவருக்கு வரும். திருப்பாதிரிப்புலியூர் நிலையம் அழகுதான். ஆனால் வாடகைக் கேமராவைப் பிடுங்கி வைத்தால் மீதி 20 ஷாட்டும் போய்விடும். எங்கள் கதையில் ரயில் ஏறும் காட்சியை வீட்டு வாசலில் பையைத் தூக்கும் காட்சியாக மாற்றினோம்.

## 5. பட்ஜெட் எழுதுவது

இப்போதுதான் கணக்கு. ஷாட் பட்டியலும் ஆள் பட்டியலும் பக்கத்தில் இருக்கட்டும். சாப்பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதுதான் பெரிய தொகை, அதைத்தான் எல்லாரும் குறைத்து எழுதுவார்கள்.

ஒருவருக்கு ஒரு நாள்: காலை டிபன் 50, மதியச் சாப்பாடு 90, இரண்டு வேளை டீயும் பலகாரமும் 40, ஆக 180 ரூபாய். இரண்டு நாளைக்கு 360. ஞாயிறு இரவுச் சாப்பாடு 70 சேர்த்தால் 430. பன்னிரண்டு பேருக்கு 5,160. தண்ணீர் கேன் நான்கு 140. மொத்தம் 5,300. டீக்கடைக்காரராக நடிப்பவர் சனிக்கிழமை மட்டும்தான் வருவார், ஆனாலும் இரண்டு நாளும் பன்னிரண்டாகவே போட்டோம். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு சாப்பாடு வாங்காமல் நாம் மட்டும் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

முழுப் பட்டியல் இப்படி வந்தது:

- சாப்பாடு, தண்ணீர்: 5,300
- கேமரா, இரண்டு லென்ஸ், டிரைபாட், இரண்டு நாள்: 3,600
- ரெக்கார்டர், பூம் மைக், கம்பி, இரண்டு நாள்: 2,000
- ஸ்டாண்டோடு ஒரு எல்.இ.டி. லைட், இரண்டு நாள்: 1,400
- வண்டி, பெட்ரோல்: 1,600
- உடை, கலைப் பொருள்: 1,000
- டீக்கடைக்கு 500, வீட்டுக்கு மின்சாரமும் இனிப்பும் 300: 800
- தர்மாகோல், கறுப்புத் துணி, டேப், பேட்டரி செல்: 500
- எதிர்பாராச் செலவு: 1,800
- மொத்தம்: 18,000

இது நாங்கள் அப்போது பேசி வாங்கிய விலை. உங்கள் ஊரில், உங்கள் மாதத்தில் வேறாக இருக்கும். இரண்டு இடத்தில் விசாரித்து எழுதுங்கள்.

பணம் போதாது என்றால் பெரும்பாலும் சவுண்டைத்தான் முதலில் வெட்டுவார்கள். "போன்ல எடுத்துக்கலாம், அப்புறம் டப்பிங் பண்ணிக்கலாம்" என்பார்கள். டப்பிங்குக்கு அமைதியான அறையும், நடிகர்களுடைய இன்னொரு முழு நாளும் வேண்டும். தேர்வு நேரத்தில் அந்த நாள் கிடைக்காது. அதற்குப் பதில் கேமராவில் குறையுங்கள். நண்பர் ஒருவரின் சாதாரணக் கேமராவும் ஒரே லென்ஸும் இருந்தால் படம் கொஞ்சம் சுமாராகத் தெரியும், அவ்வளவுதான். வசனம் கேட்காத படத்தை யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

எதிர்பாராச் செலவுக்கு வைத்த பத்து சதவீதத்தை ஆரம்பத்திலேயே நல்ல லென்ஸுக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கேமராமேன் கேட்பார். கொடுக்கக் கூடாது. சனிக்கிழமை காலை அந்தப் பணம் முழுதாகக் கையில் இருக்க வேண்டும்.

முன்பணம் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வாடகைக் கடையில் திருப்பித் தரும் முன்பணமாக 5,000 கேட்டார்கள். அது செலவு அல்ல, ஆனால் வெள்ளிக்கிழமை மாலை கையில் இருந்தே ஆக வேண்டும். யார் தருகிறார், எப்போது திரும்பும் என்று நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இதை மறந்து, சாப்பாட்டுப் பணத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு, சனிக்கிழமை காலை டிபனுக்குக் கடன் கேட்ட குழுவைப் பார்த்திருக்கிறேன்.

## 6. வசூலும் கணக்கும்

நடிகர்களிடம் வாங்கக் கூடாது. அவர்கள் நேரத்தைத் தருகிறார்கள். படக்குழு ஒன்பது பேரும் ஆளுக்கு 2,000 போட்டால் 18,000. புதன்கிழமை இரவுக்குள் முழுப் பணமும் வந்தாக வேண்டும். வராவிட்டால் வியாழனன்று பட்டியலைக் குறைக்கலாம். வெள்ளிக்கிழமை அதற்கும் நேரம் இருக்காது. யாருக்காவது 2,000 கஷ்டம் என்றால் அதைத் தயாரிப்பு மேலாளரிடம் தனியாகச் சொல்ல வழி வைத்திருங்கள். குரூப்பில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள்.

எல்லாப் பணமும் ஒரே ஆளின் கணக்கில் இருக்கட்டும், எல்லாச் செலவும் அவர் கையால் போகட்டும். டீக்கடையிலும் ஆட்டோவிலும் பில் கிடைக்காது. அதனால் நோட்டில் தேதி, தொகை, எதற்கு, யாரிடம் என்று அங்கேயே எழுதிவிட வேண்டும். யாராவது அவசரத்துக்குக் கைக்காசு போட்டால் அன்று இரவே எழுதித் திருப்பிக் கொடுங்கள். மூன்று நாள் கழித்து யாருக்கும் சரியாக நினைவிருக்காது. நட்பில் வரும் பிசகு பெரும்பாலும் இந்த நாற்பது ஐம்பது ரூபாய்களில்தான் தொடங்குகிறது.

## 7. வெள்ளிக்கிழமை மாலை

வாடகைச் சாமான் எடுக்கக் கேமராமேனும் சவுண்ட் பார்ப்பவரும் தயாரிப்பு மேலாளரும் சேர்ந்து போகட்டும். வெள்ளி மாலை எடுத்துத் திங்கள் காலை கொடுத்தால் இரண்டு நாளா மூன்று நாளா என்று முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். லென்ஸில் ஏற்கெனவே இருக்கும் கீறலைக் கடைக்காரர் முன்னாலேயே படம் எடுங்கள். அங்கேயே ஒரு நிமிடம் பதிவு செய்து, கார்டை எடுத்து, லேப்டாப்பில் ஓட்டிப் பாருங்கள்.

கேமராவில் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேறு அளவில் எடுத்தால் டியூப் லைட் படத்தில் துடிக்கலாம். சின்னத் திரையில் தெரியாமல் எடிட்டிங்கில் தெரியவரும். கார்டு எவ்வளவு வேண்டும் என்பதும் கணக்குத்தான். 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆகும். 64 ஜி.பி. கார்டு இரண்டு இருந்தால், ஒன்றை இறக்கும்போது மற்றதில் எடுக்கலாம்.

அப்புறம், இரவு சாமானை ஏ.சி. அறையில் வைக்காதீர்கள். ஒருமுறை அப்படி வைத்து, விடியலில் கடற்கரையில் பையைத் திறந்தோம். லென்ஸ் முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் மறுபடியும் படியும், உள் கண்ணாடியிலும் இருந்ததால் துணிக்கு எட்டவும் இல்லை. கிழக்கு வெளுத்துச் சிவந்து சூரியன் மேலே ஏறும்வரை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றோம். சாதாரண அறையில் வைத்தால் போதும், இந்தப் பிரச்சினை வராது.

## 8. சனிக்கிழமை: வெளிப்புறம்

வெளிப்புறக் காட்சிகளை முதல் நாளே வையுங்கள். மழை வந்தால் வீட்டுக்குள் போய்விடலாம், ஞாயிறு விடியல் கடற்கரைக்குக் கைவசம் இருக்கும். வெளிப்புறத்தை ஞாயிறுக்கு வைத்தவர்களுக்கு மாற்று வழியே கிடையாது.

காலை 4:45க்குக் கூடினோம். 5:15க்குக் கடற்கரை. வசனம் இல்லாத தூர ஷாட்டுகளை வெளிச்சம் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிட்டு, வசன ஷாட்டுகளுக்குக் கரையிலிருந்து பின்னால் நகர்ந்தோம். அலைச் சத்தத்தை எந்த மைக்கும் முழுதாக நீக்காது. பூமைத் தலைக்கு மேலிருந்து மணலை நோக்கிச் சாய்த்துப் பிடித்து, காற்றுக்குப் பஞ்சு உறை போட்டால் குரல் தெளிவாக வரும். மைக்கைக் கிடைமட்டமாகக் கடலை நோக்கி நீட்டினால் அலைதான் பதியும்.

எட்டு மணிக்கு ஏழு ஷாட்டும் முடிந்தது. டிபன் அதே இடத்துக்கு வந்தது. எல்லாரையும் ஓட்டலுக்குக் கூட்டிப் போனால் ஒரு மணி நேரம் போய்விடும். பதினோரு மணிக்கு டீக்கடை. மூன்று மணிக்கு அன்றைய வேலை முடிந்தது. நேரம் இருக்கிறதே என்று வீட்டுக் காட்சியையும் எடுக்கத் தோன்றும். விடியலுக்கு முன் எழுந்தவர்கள் மாலையில் தவறு செய்வார்கள். வீட்டில் லைட்டை மட்டும் இறக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

எடிட்டருக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை உண்டு. எல்லாக் கார்டையும் இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்கில் இறக்கி, சில கோப்புகளைத் திறந்து பார்த்து, இரண்டு டிஸ்கையும் இரண்டு பேர் வீட்டுக்கு அனுப்பிய பிறகே கார்டை அழிக்கலாம்.

## 9. ஞாயிறு: வீடு

எட்டு மணிக்குத் தொடங்கி 15 ஷாட். ஜன்னல் வெளிச்சம் தேவைப்படுகிற ஷாட்டுகளைக் கதை வரிசையை மறந்துவிட்டு முதலில் முடியுங்கள். இரவுக் காட்சிக்கு இருட்டும்வரை காத்திருக்க வேண்டாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் மதியம் மூன்று மணிக்கே இரவாகிவிடும்.

ஒரே பக்கம் பார்க்கும் ஷாட்டுகளை எல்லாம் சேர்த்து எடுங்கள். அப்பாவைப் பார்க்கும் கோணம் முழுதும் முடிந்த பிறகுதான் கேமராவும் லைட்டும் மகன் பக்கம் திரும்ப வேண்டும். முன்னும் பின்னும் திரும்பினால் ஒவ்வொரு முறையும் லைட்டுக்கு இருபது நிமிடம் போகும்.

டேக் எடுக்கும்போது ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைக்க வேண்டும். ஃபேன் திரும்ப ஓட வேண்டும் என்பதை வியர்வையே நினைவூட்டும். ஃபிரிட்ஜை மறந்துவிடுவோம், வீட்டுக்கார அம்மாவின் பாலும் மாவும் கெட்டுவிடும். எங்கள் சவுண்ட் தம்பி ஃபிரிட்ஜை அணைத்ததும் தன் பைக் சாவியை அதற்குள்ளே, முட்டை வைக்கிற தட்டில் வைத்துவிடுவான். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே! மாலையில் அதைத் திறந்தபோதுதான் அவனுக்கே நினைவு வந்தது. உடனே சுவிட்சைப் போட்டுவிட்டுச் சில்லிட்ட சாவியோடு வந்தான்.

கடைசி ஷாட் முடிந்து கலைவதற்கு முன், எல்லாரையும் அப்படியே நிற்கச் சொல்லி முப்பது நொடி அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவில் வெட்டும்போது அந்த அமைதியை வைத்துத்தான் எடிட்டர் இடைவெளியை நிரப்புவார். கடற்கரையிலும் டீக்கடையிலும் இதையே தனித்தனியாகச் செய்திருக்க வேண்டும்.

நேரம் பிந்தினால் யார் வெட்டுவது? முதல் உதவி மதியச் சாப்பாட்டின்போது மீதி ஷாட்டை எண்ணிச் சொல்ல வேண்டும். இயக்குநரும் எடிட்டரும் மட்டும் ஐந்து நிமிடம் பேசி, இல்லாமலே கதை நிற்கிற ஷாட்டை அடிக்கலாம். எங்களுக்கு அன்று மூன்று ஷாட் பிந்தியிருந்தது. கைகளை மட்டும் காட்டும் இரண்டு நெருக்கமான ஷாட்டுகளை நீக்கினோம், இரண்டு தனி ஷாட்டை ஒரே நகரும் ஷாட்டாக்கினோம். ஆறு மணிக்குப் பேக்கப்.

## 10. திருப்பிக் கொடுப்பதும் கணக்கு முடிப்பதும்

பேக்கப் ஆன பிறகு வீட்டைப் பழையபடி வைக்க முக்கால் மணி நேரம் தேவை. இடம் பார்க்க வந்த நாளில் எடுத்த படத்தை வைத்து நாற்காலி, காலண்டர், செருப்பு வரை அதே இடத்தில் வையுங்கள். வாடகைச் சாமானை வாங்கிய பட்டியலோடு ஒப்பிட்டு இரவே எண்ணுங்கள். சார்ஜரும் டிரைபாடின் சின்னத் தட்டும்தான் பெரும்பாலும் தொலையும். தட்டு கேமராவின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

திங்கள் காலை சாமானைக் கொடுத்து 5,000 முன்பணத்தைத் திரும்ப வாங்கினோம். அன்று மாலை தயாரிப்பு மேலாளர் நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டாள். எதிர்பாராச் செலவில் 900 போயிருந்தது. லோடு ஆட்டோவுக்குக் காத்திருப்புக் கூலி 400, அதை முன்பே பேசாமல் விட்டதால் வந்தது. ஞாயிறு மாலை கூடுதல் டீயும் பஜ்ஜியும் 260. லைட் ஸ்டாண்டு இடித்து உடைந்த வீட்டு டியூப் லைட்டை மாற்ற 240. மீதி 900 ரூபாயை ஒன்பது பேருக்கும் ஆளுக்கு நூறாக அன்று இரவே அனுப்பிவிட்டாள்.